நன்றிக் கடிதத்துக்கு நகல் கிடையாது

அலுவலக நடைமுறையில் ஒரு விதி உண்டு. வந்த கடிதத்துக்கு முழுப் பதில் தர நாளாகும் என்றால் இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். 'தங்கள் கடிதம் கிடைத்தது, பரிசீலனையில் உள்ளது' என்ற ஒற்றை வரி போதும். பணியில் இருந்த காலமெல்லாம் அந்த வரியை எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன். அதைப் பெற்றவர்கள் எங்களைத் திட்டியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றாவது அவர்களுக்குத் தெரிந்தது. தனியார் நிறுவனங்களுக்கு இந்த விதி பொருந்தாது. அவர்கள் பதில் சொன்னால் சொன்னார்கள். சொல்லாவிட்டால் நாம் போனைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நான் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மனைவியின் பூர்வீக வீட்டில் கீழே நாங்கள் இருக்கிறோம். மாடியில் அவளுடைய அண்ணன் குடும்பம். மச்சான் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். இப்போது மில்களுக்கு வாட்ச்மேன்களை அனுப்பும் சின்ன ஏஜென்சி ஒன்று நடத்துகிறார். அவர் கெட்டவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் என் நிலைமை எளிதாக இருந்திருக்கும். எங்கள் கேஸ் இணைப்பை மாற்றித் தந்தவர் அவர். மனைவியின் கண்ணுக்கு மதுரையில் டாக்டரைப் பிடித்தவர் அவர். குழாயில் தண்ணீர் வராவிட்டால் எந்த ஆளைக் கூப்பிட வேண்டும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் நான் நன்றியுள்ளவன். நன்றியுள்ளவனால் கதவைச் சாத்திக்கொள்ள முடியாது.

எங்கள் முன் அறைக் கதவு சாத்தப்பட்டதே இல்லை. அங்கே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரோரம் ஒரு பெஞ்சு. பெஞ்சை மாடியிலிருந்து இறக்கி வைத்தவர் மச்சான். காலை இட்லி முடிவதற்குள் அதில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

"மாப்ள, கான்சாபுரத்துல இருந்து ஆள் வந்திருக்கு. பட்டா மாறுதல். செத்த நேரம் உக்காந்து எழுதிக் குடுத்திருங்க" என்று மாடிப்படியில் நின்றபடியே சொல்வார். எனக்கு முன்பாகவே அந்த ஆளிடம் பேசி முடித்திருப்பார். "நம்ம மாப்ளை எழுதுனா எந்த ஆபீசுலயும் திருப்பிவிட மாட்டான். அம்புட்டு சட்டமும் அவிய கையில."

விதவை உதவித்தொகை, வாரிசுச் சான்று, மின் இணைப்புப் பெயர் மாற்றம், செண்பகத்தோப்புப் பக்கம் காட்டுப்பன்றி தோட்டத்தை அழித்ததற்கு இழப்பீடு எல்லாம் எழுதினேன். பணியில் இருந்தபோது மனுக்களை வாங்குகிற பக்கத்தில் இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு எழுதுகிற பக்கத்துக்கு வந்துவிட்டேன். பக்கம் மாறியதே தவிர, மேஜையை விட்டு எழுந்திருக்க முடிந்ததில்லை.

அதனால்தான் வெளியே ஒரு வேலை எனக்கு வேண்டியிருந்தது. சம்பளத்துக்காக இல்லை, பென்ஷன் போதும். காலையில் பஸ் ஏறி யாருடைய மாப்பிள்ளையாகவும் இல்லாத ஓர் இடத்துக்குப் போய், மாலையில் திரும்ப வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதை மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்தவள். சுற்றி வளைப்பது அவளுக்குப் பிடிக்காது.

"போங்க. போனாத்தான் நானும் முன் ரூமுல ஒரு நாளாவது ஃபேனப் போட்டுட்டுப் படுக்க முடியும்" என்றாள்.

வேலை இராஜபாளையத்தில், மருத்துவமனைக்குக் காயத்தில் வைக்கும் காஸ் துணியும் பேண்டேஜும் செய்கிற கம்பெனி ஒன்றில். உற்பத்திப் பதிவுகளைச் சரிபார்த்து அடுக்கி வைக்க அனுபவமுள்ள ஆள் ஒருவர் தேவை என்று முதலாளி பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். யாரிடம் என்றால் மச்சானிடம். அந்தக் கம்பெனி வாசலில் நிற்கிற வாட்ச்மேன்கள் அவர் அனுப்பிய ஆள்கள். தப்பிக்கிற வழியைக்கூட அவர்தான் காட்டித் தர வேண்டியிருந்தது. அது எனக்கு உறுத்தியது. ஆனால் வேறு வழி எதுவும் என் கண்ணில் படவில்லை.

நேர்காணல் செய்தவர் தரக் கட்டுப்பாட்டு மேலாளர், நாற்பது வயதிருக்கும் பெண்மணி. அவர் அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையில் தொப்பி போட்ட பெண்கள் துணியை மடித்துக்கொண்டிருந்தார்கள். வெளுப்புப் பிரிவின் நெடி அறைக்குள்ளும் இருந்தது. என் கல்வித் தகுதி, பணிக்காலம் எதையும் கேட்கவில்லை. ஒரு தாளை எடுத்து, பொருளின் பெயரும் எண்ணும் உள்ள மேல்பகுதியை இன்னொரு காகிதத்தால் மறைத்து, என் முன்னால் வைத்தார்.

"சார், இதுல என்ன தப்புன்னு பாருங்க."

பேண்டேஜ் கட்டுகளை நீராவியில் கிருமி நீக்கும் இயந்திரத்தின் பதிவு அது. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை வெப்பமும் அழுத்தமும் எழுதியிருந்தது. எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. நான் எண்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கையெழுத்தைப் பார்த்தேன்.

"நம்பர்ல தப்பு இல்லைம்மா. ஷிப்டு முழுக்க வேலை பார்த்தவன் கையெழுத்து முதல் வரியில இருக்கிற மாதிரியே கடைசி வரியிலயும் இருக்காது. இது ஒரே உக்காருல எழுதுனது."

அவர் முகத்தில் ஏதோ மாறியது. சிரிப்பு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. "சரி. நீங்க என்ன செய்வீங்க?"

"விளக்கம் கேட்டு மெமோ கொடுப்பேன்."

"கொடுத்தோம் சார். அதுக்குப் பொறவு ரெண்டு பேனாவ வச்சு மாத்தி மாத்தி எழுத ஆரம்பிச்சாங்க."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எத்தனையோ அலுவலகத் தணிக்கைகளில் அந்த இரண்டாவது பேனாவை நான் பார்த்திருக்கிறேன்.

"பொறவு நானே போய் நின்னு பார்த்தேன்" என்றார் அவர். "தாளு சூப்பர்வைசர் ரூமுல இருக்கு. ஒவ்வொரு தடவையும் மெஷின விட்டுட்டு அம்புட்டுத் தூரம் நடந்து போயி எழுதணும். எவன் போவான்? தாளை ஒரு அட்டையில வச்சு மெஷின் பக்கத்துலயே மாட்டிட்டேன். பேனாவக் கயித்துல கட்டிட்டேன். இப்ப அப்பப்ப எழுதுறாங்க. கையெழுத்துதான் கண்றாவியா இருக்கு."

கண்றாவி என்று சொல்லும்போது அவர் குரலில் இருந்தது பெருமை.

எழுந்திருக்கும் நேரத்தில் இன்னொன்று கேட்டார். பழைய பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று. நான் "பார்த்துச் சொல்றேன்" என்றேன். எங்கள் உலகத்தில் அதற்குப் பொருள், இனி இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்பது. அவர் அதைக் குறித்துக்கொண்டதைப் பார்த்தபோதுதான், இங்கே அந்தச் சொல்லுக்கு அதன் நேரடிப் பொருளே உண்டு என்று புரிந்தது.

அன்று மதியம் கோயம்புத்தூரிலிருந்து மகள் போன் செய்தாள். அவள் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். "அப்பா, இன்னைக்கே அவங்களுக்கு ஒரு நன்றி மெயில் போட்டுருங்க. சின்னதா. அவங்க சொன்னதுல உங்களுக்கு எது உபயோகமா இருந்துச்சோ அதச் சொல்லுங்க. ஏதாவது பதில் பாக்கி வச்சிருந்தா அதயும் சொல்லிருங்க. வேலை கொடுங்கன்னு கேக்காதீங்க. கெஞ்சவே கெஞ்சாதீங்க."

நேர்காணல் செய்தவருக்கு நன்றி சொல்வது எனக்குப் புதிது. எங்கள் காலத்தில் தேர்வாணையத்துக்கு யாராவது நன்றிக் கடிதம் எழுதியிருந்தால் அது லஞ்சத்தின் முன்னுரை என்று கோப்பில் குறித்திருப்பார்கள். ஆனாலும் உட்கார்ந்தேன். வரைவு என்று வந்துவிட்டால் என் கை தானாக ஓடும். ஓடியது. முடித்ததும் மனைவியிடம் நீட்டினேன்.

அவள் சத்தமாகவே படித்தாள். "'தங்களின் எண்ணற்ற பணிகளுக்கிடையே பொன்னான நேரத்தை ஒதுக்கி, என்னையும் ஒரு பொருட்டாக மதித்து, அறிவார்ந்த கருத்துகளைப் பகிர்ந்துகொண்ட தங்களின் பெருந்தன்மைக்கு...'" அங்கே நிறுத்தினாள். "இது யாருக்கு எழுதுனது?"

"அந்த மேனேஜர் அம்மாவுக்குத்தான்."

"எந்த கலெக்டர் மாத்தலாகிப் போனாலும் வந்தாலும் இதையேதான எழுதுவீய. அந்தம்மா பேர எடுத்துட்டு எம்பேரப் போட்டாலும் பொருந்தும். நான் பொன்னான நேரத்த ஒதுக்கி உங்களுக்குச் சோறு பொங்கலையா?"

பொருந்தும்தான். எந்தப் பெயருக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காகவே அந்த வாக்கியங்கள் உண்டாக்கப்பட்டன. அவற்றால் யாருக்கும் எந்த நன்மையும் இல்லை, தீங்கும் இல்லை. இதில் தீங்கு இல்லை என்ற பகுதியை அப்போது நான் போதுமான அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். பெயரடைகளை எடுத்தேன். 'பெருந்தன்மை' போனது. 'அறிவார்ந்த' போனது. ஒவ்வொன்றாக எடுத்தபோது, சட்டையில்லாமல் வீதிக்கு வந்தது போல் இருந்தது. கடைசியில் மிஞ்சியது இது:

'வணக்கம். இன்று காலை ஒரு மணி நேரம் என்னிடம் பேசியதற்கு நன்றி. நீங்கள் காட்டிய தாளில் எல்லாப் பதிவும் ஒரே அமர்வில் எழுதப்பட்டவை என்று சொன்னேன். அது சரி. மெமோ கொடுப்பேன் என்று சொன்னது தவறு. தாளையும் பேனாவையும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்ததாக நீங்கள் சொன்னதைப் பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். மெமோவை விட அது எளிது, வேலையும் செய்கிறது. பழைய பதிவுகள் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். ஒரு பொருளின் காலாவதித் தேதி முடியும்வரை அதன் பதிவை அழிக்கக் கூடாது என்பது குறைந்தபட்சம். அதற்கு மேல் எவ்வளவு காலம் என்பதை உங்கள் கம்பெனி விதியையும், வாங்குபவருடன் உள்ள ஒப்பந்தத்தையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.'

மனைவி படித்தாள். "இது அந்தம்மாவுக்குத்தான் பொருந்தும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

போனில் ஒற்றை விரலால் தட்டி மெயிலில் அனுப்பினேன். அதன் பிறகு ஒரு காரியம் செய்தேன். எனக்கு அது சுவாசம் மாதிரி. செய்கிறோம் என்றுகூடத் தோன்றவில்லை. கையால் எழுதிய தாளின் ஓரத்தில் 'அனுப்பப்பட்டது' என்று எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட்டு, அலுவலகப் படியாகக் கோப்பில் சேர்த்தேன். வெளியே போகிற எந்தக் கடிதத்துக்கும் ஒரு படி இங்கே இருக்க வேண்டும். கோப்பை முன் அறை மேஜை மேல் வைத்தேன். அங்கே வைப்பதுதான் வழக்கம்.

மறுநாள் காலை மச்சான் இறங்கி வந்தார். கையில் போன். முகத்தில் பெண்ணுக்கு வரன் முடித்துவிட்டு வந்தவரின் களை.

"மாப்ள, எழுதுனா இப்படில்லா எழுதணும். படிச்சேன். எனக்கே கண்ணு கலங்கிருச்சு."

"எதை மச்சான்?"

"அந்த நன்றிக் கடுதாசியத்தான். காலையில பேப்பர் எடுக்க வந்தேன், கோப்புக்கு மேலயே இருந்துச்சு. படிச்சுட்டுச் சும்மா இருக்க முடியுமா? ஒரு போட்டோ பிடிச்சு மொதலாளிக்கு அனுப்பிட்டேன். சொன்னவருக்கு ஒரு வார்த்த சொல்லாம விட்டா மரியாதயா இருக்காதுல்ல."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஒருவர் சொல்லி ஒரு காரியம் நடந்தால் அவர் வரைக்கும் செய்தி திரும்பிப் போக வேண்டும். மச்சான் வழக்கத்தை மீறவில்லை. நானும் மீறவில்லை, கோப்பில் படி வைப்பது என் வழக்கம். இரண்டு ஒழுங்கான ஆள்கள் ஒரே வீட்டில் குடியிருந்ததுதான் பிசகு.

"மச்சான், அது அந்தம்மாவுக்கு எழுதுனது."

"அந்தம்மா யாரு? மொதலாளி போட்ட சம்பளத்துக்கு வேல பாக்குறவதான? இங்க பாருங்க, பாத்துட்டாரு. கட்டவெரலும் காட்டிருக்காரு." போனை என் கண்ணருகே கொண்டுவந்தார். கட்டைவிரல் படம் இருந்தது. அதற்கு மேலே என் கையெழுத்து, என் சுருக்கொப்பம். அதற்கும் மேலே மச்சான் தன் பங்குக்கு எழுதிய வரி: 'மாப்பிள்ளை மிகவும் நன்றியோடு இருக்கிறார். சீக்கிரம் முடித்துக் கொடுக்கவும்.'

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே முதலாளியிடமிருந்து அழைப்பு வந்தது. நானும் கேட்கட்டும் என்று மச்சான் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன சுபேதார், உங்க மாப்ளை பெரிய ஆளுதான் போல. ஒரே பார்வையில கண்டுபிடிச்சிட்டாராமே."

"அவிய சர்வீசு அப்படிய்யா."

"அது இருக்கட்டும். ஒரே உக்காருல எழுதுன தாளுன்னு போட்டிருக்கே. அது நம்ம தாளா?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன். என்ன அர்த்தத்தில் அசைத்தேன் என்று எனக்கே தெரியாது. பொருளின் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. எனக்குத் தெரியாது என்பதே உண்மையான பதில். ஆனால் மச்சானுக்குத் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

"நம்ம தாளாத்தான் இருக்கும்யா. வேற யாரு தாள வச்சிருக்கப் போறாக?"

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "வெளிநாட்டு ஆடிட்டு வரப்போற நேரம் சுபேதார். வேலைக்குன்னு வந்த வெளியாளுகிட்ட இதெல்லாம் எடுத்துக் காட்டுதாகளா? சரி, நான் பாத்துக்கிடுதேன்."

அழைப்பு முடிந்தது. மச்சான் போனைச் சட்டைப் பையில் போட்டார். "பாத்துக்கிடுதேன்னுட்டாரு. முடிஞ்ச மாதிரிதான் மாப்ள."

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. எனக்கு நன்றாகப் புரிந்தது. கீழ்நிலை ஊழியர் ஒருவரைப் பற்றி மேலதிகாரி 'பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லும் தொனியை நான் ஆயுள் முழுக்கக் கேட்டவன். முதல் வரைவை அனுப்பியிருந்தால் அதை மாவட்டம் முழுவதும் ஒலிபெருக்கியில் படித்திருக்கலாம், யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. குறிப்பாக எழுதினேன், அதனால் உண்மையாக எழுதினேன். ஓர் ஆளுக்கு என்று எழுதிய உண்மை இன்னோர் ஆளின் கைக்குப் போய்விட்டது. வேலை கிடைக்குமா என்ற கவலை பின்னால் போய்விட்டது. என்னை ஒரு மணி நேரம் மனிதனாக நடத்திய பெண்மணிக்கு என்னால் வேலை போகுமா என்பதே இப்போது கேள்வி.

என்ன செய்யலாம் என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்த நடைமுறை ஒவ்வொன்றாக வந்து கைவிரித்துப் போனது. முதலாளிக்கு விளக்கக் கடிதம் எழுதலாம். அது மறுபடியும் அந்தம்மாவின் தலைக்கு மேலே போவது. நேரில் போகலாம். வாசலில் நிற்பது மச்சானின் ஆள். நான் கேட்டைத் தாண்டுமுன் செய்தி மாடிக்கு வந்துவிடும். அந்தம்மாவுக்குப் போன் செய்யலாம். எண் என்னிடம் இல்லை. மச்சானிடம் கேட்டால் வாங்கித் தருவார். பேசாமல் இருக்கலாம். அதுதான் அரசுப் பணியில் பெரும்பாலானவற்றுக்குத் தீர்வு. ஆனால் அந்தம்மா தன் நிலையை முதலாளியிடம் சொல்லும்போது, கடிதம் எப்படி அங்கே போனது என்று தெரியாமலே நின்றுகொண்டிருப்பார். நானே நகல் போட்டேன் என்றுதான் நினைப்பார். எவனும் அப்படித்தான் நினைப்பான்.

மனைவி முன் அறைக்கு வந்து நின்றாள். பெஞ்சில் யாரோ இருந்தார்கள். அவர்களிடம், "இன்னைக்கு எழுத முடியாது. நாளைக்கு வாங்க" என்றாள். அந்த வீட்டில் அப்படி ஒரு வாக்கியம் சொல்லப்பட்டு நான் கேட்டதில்லை. வந்தவர் மாடியை ஒருமுறை பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

"என்ன நடந்துச்சோ அத அந்தம்மாவுக்கு எழுதுங்க. முன்ன எழுதுன மாதிரியே" என்றாள்.

எழுதினேன். இந்த முறை தாளில் எழுதவில்லை, நேராகப் போனில் மெயிலாகவே. 'நேற்று உங்களுக்கு எழுதிய கடிதத்தின் கைப்படி என் வீட்டு மேஜையில் இருந்தது. என் மைத்துனர் அதைப் படம் எடுத்து உங்கள் முதலாளிக்கு அனுப்பிவிட்டார். நான் அனுப்பச் சொல்லவில்லை. ஆனால் பிறர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தவன் நான். தாளில் பொருளின் பெயரையும் எண்ணையும் நீங்கள் மறைத்துத்தான் காட்டினீர்கள். அதை முதலாளிக்கு எழுதிச் சொல்ல வேண்டுமா என்று நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் நான் எழுத மாட்டேன்.'

கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: 'இதன் பொருட்டு என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவும் தயாராக இருக்கிறேன்.'

மனைவி அந்த வரியில் விரலை வைத்தாள். "இது எதுக்கு?"

"ஒரு நாணயத்துக்காகத்தான்."

"இல்ல. 'ஐயோ வேண்டாம் சார்'னு அந்தம்மா பதில் எழுதணும்னு போட்டிருக்கீய. ஏற்கெனவே அவிய தலையில ஒண்ணத் தூக்கி வச்சாச்சு. இதயும் சேத்து அவிய செமக்கணுமா?"

கணக்கு டீச்சர் விடைத்தாளில் அடிக்கிற மாதிரி அடித்துவிட்டாள். வரியை எடுத்துவிட்டு அனுப்பினேன்.

அன்று மாலையே மாடிக்குப் போனேன். என் கோப்பை இனித் தொட வேண்டாம் என்று மச்சானிடம் சொன்னேன். கத்தவில்லை. அவர் கட்டிலில் உட்கார்ந்து பனியனோடு விசிறிக்கொண்டிருந்தார்.

"நல்லதுக்குத்தான செஞ்சேன்?"

"நல்லதுக்குத்தான். அதான் மச்சான் கஷ்டமே."

"எம்புட்டு செஞ்சிருக்கேன் மாப்ள உங்களுக்கு" என்றார். சண்டைக்காகச் சொல்லவில்லை. கணக்குப் புரியாமல் கேட்பவரின் குரல் அது. அவர் சொன்னது உண்மை. நான் இறங்கி வந்துவிட்டேன். மறுநாள் காலை பெஞ்சில் இரண்டு பேர் இருந்தார்கள். நான் எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

அரசில் பதில் வராவிட்டால் செய்வதற்கு வரிசை உண்டு. நினைவூட்டு அனுப்பலாம். பிறகு இரண்டாம் நினைவூட்டு. அதற்கும் அசையாவிட்டால் அதிகாரியின் பெயருக்கே நேர்முகக் கடிதம். நன்றிக் கடிதத்துக்கு இவற்றில் எதுவும் செல்லாது. நன்றி சொன்னேனே, ஏன் பதில் இல்லை என்று கேட்ட மாத்திரத்தில் அது நன்றியாக இருப்பதை விட்டுவிடும். மன்னிப்புக்கும் அப்படித்தான். இரண்டையும் அனுப்பிவிட்டால் அனுப்பியவனுக்கு ஒரு உரிமையும் மிஞ்சுவதில்லை. மகளிடம் கேட்டேன். "இனி எழுதாதீங்கப்பா. கை வச்சீங்கன்னா இன்னும் கெடும்" என்றாள்.

மழைக்காலம் தொடங்கிவிட்டது. மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து நின்று பெய்தது. முன் அறைப் பெஞ்சுக்கு வருகிறவர்கள் ஈரக் குடையை என் மேஜைக்காலில் சாய்த்தார்கள். வீடு ஒழுகியதற்கு நிவாரணம் கேட்கிற மனுக்கள் வரத் தொடங்கின. நான் 'பொருள்', 'பார்வை' என்று எழுதி, கீழே மறக்காமல் நகல் யார் யாருக்கு என்று வரிசைப்படுத்தினேன். மச்சான் என் கோப்பைத் தொடுவதில்லை. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். ஆனால் மாடிப்படியில் இறங்கும்போது கண்ணைக் கோப்புப் பக்கம் திருப்பாமல் போவார். அது இன்னும் மோசமாக இருந்தது. பெஞ்சு அங்கேயே இருந்தது.

ஒருநாள் சாப்பாட்டின்போது அவராகவே சொன்னார். "கம்பெனியில ஆடிட்டு முடிஞ்சு போச்சாம். நம்ம வாட்ச்மேன் சொன்னான்."

"அந்தம்மா?" என்று கேட்டாள் என் மனைவி. நான் கேட்கவில்லை.

"இருக்காகளாம். அம்புட்டுதான் தெரியும்." அவர் ரசத்தைக் குடித்தார். "கேக்கச் சொல்லவா?"

"வேண்டாம் அண்ணே" என்றாள் அவள்.

அவர் கேட்கவில்லை. அது அவருக்கு எவ்வளவு சிரமம் என்பது எனக்குத் தெரியும்.

அந்தம்மா வேலையில் இருக்கிறார் என்று தெரிந்ததும் என் கவலை போய்விட்டிருக்க வேண்டும். பாதிதான் போனது. இருக்கிறவர் பதில் எழுதவில்லை என்றால் எழுத விரும்பவில்லை என்று பொருள். இராஜபாளையம் பஸ் எங்கள் தெருமுனையைக் கடக்கும்போது ஹாரன் அடிக்கும். அதைக் கேட்டபடி நான் யாருடைய வாரிசுச் சான்றையோ எழுதிக்கொண்டிருந்தேன். இனி இந்த மேஜைதான் என்று மனத்தைப் பழக்கிக்கொண்டேன். அதற்கு என் வயதில் அதிக நாளாகாது.

பிறகு பதில் வந்தது. ஏதோ விளம்பரமாக இருக்கும் என்று முதலில் ஒதுக்கப் பார்த்தேன். பெயரைப் பார்த்துத் திறந்தேன். வணக்கத்துக்குப் பிறகு இவ்வளவுதான் இருந்தது:

'முதலாளிக்கு நீங்கள் எதுவும் எழுத வேண்டாம். அது எங்கள் தாள்தான். மெஷின் பக்கம் தாளை மாற்றுவதற்கு முந்தையது. அதை அவரிடம் நானே சொன்னேன். கோபப்பட்டார். ஆடிட்டில் நாங்களே அதை எடுத்துக் காட்டி, எப்படிச் சரிசெய்தோம் என்றும் காட்டினோம். ஏற்றுக்கொண்டார்கள். அது முடியும்வரை உங்களுக்கு எழுதுவது சரியாக இருக்காது என்று இருந்தேன். பழைய பதிவுகள் பற்றி நீங்கள் எழுதியது சரி. எங்கள் விதியில் அது எழுதப்படவே இல்லை, எழுத வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் வர முடியுமா? உங்களை எடுப்பது என் முடிவு, முதலாளியுடையது இல்லை. இங்கே எழுதுகிற எதற்கும் வீட்டில் படி இருக்கக் கூடாது.'

இரண்டு முறை படித்தேன். நன்றி என்ற சொல் அதில் இல்லை. மனைவியிடம் கொடுத்தேன். அவள் படித்து முடித்து, போனைத் திருப்பித் தந்துவிட்டு, முன் அறைக்குப் போய்ப் பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்தாள். "மறு பக்கத்தப் பிடிங்க" என்றாள். மச்சான் அப்போது மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். என்ன என்று கேட்க வாயெடுத்தார். பிறகு இறங்கி வந்து, என் பக்கத்து முனையை அவரே தூக்கிக்கொண்டார்.

அன்று நவம்பர் பதினொன்று; அந்தத் தேதியை நான் எந்தக் கோப்பிலும் குறிக்கவில்லை.